நிறுத்தாமல் ஒரு தலையசைப்பு

தையல் மிஷினின் மிதிப்பலகை ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு கைகளும் துணியின் மேல் இருக்கும். மோவாய் மட்டும் ஒருமுறை மேலே எழுந்து இறங்கும். பதினோரு வருடம் காலையில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான். உத்தமபாளையத்தைத் தாண்டி உள்ளடங்கிய சிற்றூர் எங்களுடையது. பேருந்து மணிக்கு ஒன்று. ஏழு பத்து வண்டியை விட்டால் பள்ளியில் முதல் பாடவேளை போய்விடும். சோற்றுப் பையும் குடையுமாக நான் ஓடும் தெருவின் முனையில்தான் தையல்கார பாயின் கடை.

தெருவில் யாருக்கும் என்மேல் பிரியத்துக்குக் குறைவில்லை. "என்ன டீச்சர், இம்புட்டு அவசரமா எங்கன?" என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் கேள்வி என்று வந்துவிட்டால் பதில் சொல்லாமல் போக முடியாது. பதில் சொன்னால் இன்னொரு கேள்வி வரும். தாண்டிப் போன பிறகு முதுகுக்குப் பின்னால் கூப்பிடுகிறவர்களும் உண்டு. அப்போது திரும்பி நின்றே ஆகவேண்டும்.

பாய் அப்படியில்லை. நான் பத்தடி தூரத்தில் வரும்போதே பார்த்துவிடுவார். அப்போதே தலையசைத்தால்தான், கடையைக் கடப்பதற்குள் நானும் பதிலுக்குத் தலையசைக்க முடியும். பேசினாலும் "வண்டி இன்னும் வரல டீச்சர்" என்று தகவலாகத்தான் சொல்வார். கேள்வியாகக் கேட்டதே இல்லை. அடுத்து அவர் செய்வதுதான் பெரிது: முதலில் பார்வையை எடுப்பவர் அவராக இருப்பார். கண் துணிக்குத் திரும்பிவிடும். நீ போகலாம் என்று அதற்கு அர்த்தம். என் கணவர் இறந்து நான் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், தெருவே வாசலில் நின்று என்னை நிறுத்தி அழுதது. பாய் மோவாயை உயர்த்தினார், வழக்கத்தைவிட ஒரு கணம் தாமதித்து இறக்கினார். அன்று நான் அழாமல் கடந்த இடம் அது ஒன்றுதான்.

அந்த மனிதருக்குத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஒரு சனிக்கிழமை. விடுமுறை நிதானத்தில் வாசலில் நின்றிருந்தேன். பாய் வெள்ளைச் சட்டையில் வேகமாக வந்தார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"என்ன பாய், எங்கன இம்புட்டு வேகமா?"

அவர் நின்றார். "அக்கா மவுத்தாயிட்டாக டீச்சர். தேவதானப்பட்டியில. மதியம் லுஹர் தொழுகைக்குப் பெறகு அடக்கம்."

நான் பதறி, எப்போது, எப்படி என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பேருந்து கிளம்பும் சத்தம் இருவருக்கும் கேட்டது. அவர் ஓடினார், வண்டி போய்விட்டது. அன்று ஊரில் ஆட்டோவும் இல்லை. அடுத்த வண்டியில் தேனி போய், மாறி, அவர் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டுக்கொண்டிருந்தார்களாம். தாய்போல வளர்த்த அக்காவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கடைக்குப் போனேன். "என்னாலதான் பாய்" என்றேன்.

"நீங்க கேட்டது அக்கறையில. நின்னது நான்" என்றார். "கேட்டவுகளுக்குப் பதில் சொல்லாமப் போயிப் பழக்கமில்ல டீச்சர்." ஊசியில் நூலைக் கோத்தார். "மொகத்தப் பாக்கலங்கிறது இருக்கத்தான் செய்யுது. அதுக்கு உங்களக் கோவிச்சு என்ன ஆகப்போவுது."

வருத்தமில்லை என்று அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் அந்த மன்னிப்பை என்னால் நம்ப முடிந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மோவாய் எழுந்து இறங்கியது, அதே பத்தடி தூரத்தில்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மாலை. பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். பாயும் அவர் மனைவியும் கையில் பையோடு எதிரே ஓடிவந்தார்கள். மகளுக்கு மாதம் நிறைந்திருந்தது எனக்குத் தெரியும். வலி எடுத்துவிட்டதா, எந்த ஆஸ்பத்திரி, துணைக்கு யார் என்று நாக்கு நுனிவரை கேள்விகள் வந்தன. சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டேன். அவர் கண்ணைப் பார்த்து, "நல்லபடியா நடக்கும் பாய்" என்றேன். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் வேகம் குறையவில்லை. கடக்கும்போது கை மட்டும் நெஞ்சுக்கு வந்து போனது. சற்று நேரத்தில் பேருந்து கிளம்பும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், நிறுத்தத்தில் யாரும் இல்லை.

இப்போது நான் ஓய்வுபெற்றுவிட்டேன். ஓடுவதற்கு எனக்கு எந்த வண்டியும் இல்லை. வாசலில் நின்று, ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. தலையை மட்டும் அசைத்துவிட்டு, முதலில் கண்ணை எடுத்துக்கொள்கிறேன்.