விபூதி பூசிய எடைமெஷின்

பாத்ரூம் எடைமெஷினுக்கு விபூதி பூசிய ஆள் திருவையாற்றிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். படித்தவன், பேன்ட் போட்டவன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதயம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்று டாக்டர் தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்லியிருந்தார். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையில்லை, உடம்பில் நீர் கோக்கிறது, உடனே வந்துவிடுங்கள் என்றார். அன்று அவர் அறையில் நான் எழுபத்தாறு கிலோ.

வீட்டு மெஷின் என்னை எழுபத்தொன்று என்றது. இறங்கி ஏறினேன், எண்பத்துநான்கு. மறுபடியும் ஏறினால் அறுபத்தெட்டு. குறைந்த எண்ணை மட்டும் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. பாத்ரூம் கதவைத் திறந்தேன். யாரும் தொடாமலே மெஷின் இருட்டில் ஒளிர்ந்தது. நான்கு எட்டுகள். பிறகு பூஜ்ஜியம். எடையே இல்லாத ஒருவர் வந்து ஏறி நின்றதுபோல இருந்தது. அணைந்தது. சற்றுநேரத்தில் திரும்பவும் நான்கு எட்டு, பூஜ்ஜியம். வெளியே எங்கோ ஆற்றில் புதுத்தண்ணீர் ஓடும் சத்தம். சுவரைத் தடவிக்கொண்டே சாமி அலமாரிக்குப் போனேன். அப்போதுதான் அந்த விபூதி.

காலையில் அதைப் பார்த்த மனைவி, பூசினது மெஷினுக்கா உங்களுக்கா என்று மட்டும் கேட்டாள். வெட்கத்தில் மெஷினைத் திருப்பி மூடியைக் கழற்றினேன். பேட்டரி தொடும் ஸ்பிரிங்குகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது, குளியலறை ஈரத்தின் வேலை. தொடுப்பு விட்டுவிட்டுப் பிடிக்கும்போதெல்லாம் அது புதிதாக உயிர்பெற்று நான்கு எட்டு காட்டியிருக்கிறது. ரப்பரால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, புது பேட்டரி போட்டேன். பாத்ரூம் தரையோ தண்ணீர் வடியச் சரிவாகப் போட்டது. மெஷினின் நான்கு காலும் ஒன்றுபோல ஊன்றியதே இல்லை. கூடத்துச் சமதரையில் வைத்து, காலால் ஒரு தட்டு தட்டி, பூஜ்ஜியம் வந்து அணையும்வரை ஒதுங்கி நின்றேன். பிறகு பிரிக்காத இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தை ஏற்றினேன். இருபத்தைந்து. தூக்கி மறுபடியும் வைத்தேன். இருபத்தைந்து.

பேய் போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே ஏறினேன்.

எழுபத்தொன்பதரை. இறங்கி ஏறினேன். எழுபத்தொன்பதரை. மூன்றாம் தடவையும் எண் அசையவில்லை. மனைவி குனிந்து என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது, உள்ளே யாரோ இழுத்துப் பிடித்திருப்பதுபோல. அவள் எழுந்து போய் போன் பேசிவிட்டு வந்தாள்.

"சிப்பத்துல அரிசி குறைச்சலா இருந்தா மெஷின் தப்பாத்தானே காட்டும்?" என்றேன்.

"சட்டையைப் போடுங்க, ஆட்டோ வருது."