கரண்டின் மேல் போட்ட பழி

கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய நிதி நிறுவனத்தில் நான் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். கீழே மூன்று கவுண்டர், மேலே நான். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும் என்பதால் எப்போதும் கொஞ்சம் கடுகடுப்பாகவே போய்ச் சேருவேன். வேலையில் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குக் காசு மாற்றுவது எங்கள் படிப்பில் முதல் பாடம். இவருடையதில் கழிக்கவேண்டும், அவருடையதில் கூட்டவேண்டும். இரண்டும் நடக்கவேண்டும், இல்லையென்றால் இரண்டும் நடக்கக்கூடாது. நடுவில் கரண்ட் போனாலும் தரவுத்தளம் திரும்ப எழும்பியவுடன் தன் குறிப்பைப் பார்த்து, முடியாத வேலையைத் தானே அழித்துவிடும். காசு எடுத்த இடத்திலேயே இருக்கும். முன்னும் பின்னும் கூட்டுத்தொகை மாறாது. வேலை முடியும்வரை பாதி நிலையை வேறு எவரும் பார்க்கமாட்டார்கள். முடிந்தது என்று பதிந்தபிறகு எது வந்தாலும் அது அழியாது. இந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்து அசிட் என்பார்கள். நேர்முகப் பரீட்சைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் இதைத்தான் கேட்பேன். திக்கினால் முகத்தைச் சுளிப்பேன்.

ஆனால் நான் எழுதியதில் ஒரு சிக்கல் இருந்தது. கழித்தபின், கூட்டுவதற்கு முன், வாடிக்கையாளருக்கு மெசேஜ் அனுப்பும் வரியை வைத்திருந்தேன். தொலைபேசிக் கம்பனி பதில் தரும்வரை அந்தக் கணக்குகள் பூட்டியே கிடக்கும். காசு மாற்றுவதற்கான கட்டணம் ஏறுகிற எங்கள் பொதுக் கணக்கும் அதில் ஒன்று என்பதால் மூன்று கவுண்டரும் சேர்ந்து நிற்கும். கீழே சனம் சத்தம் போடும். மெசேஜை எல்லாம் முடிந்தபிறகு அனுப்பும்படி மாற்றியிருக்கவேண்டும், அரை நாள் வேலை. எனக்குப் பஞ்சி, உடம்பு வளையவில்லை. கழித்தவுடனேயே முடிந்தது என்று பதிந்துவிட்டு, மெசேஜை அனுப்பி, பிறகு தனியாகக் கூட்டும்படி ஒரு வரியை நுழைத்தேன். கவுண்டர்கள் பறந்தன. மனேஜர் என்னைப் பாராட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண் வந்தார். மலைநாட்டில் ஹட்டன் பக்கத்தவர், வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் தங்கிச் சமையல் வேலை. தாய்வீட்டில் விட்டுவந்த மகளைக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொள்ளக் கொட்டாஞ்சேனையில் ஓர் அறை பார்த்திருந்தார். முற்பணம் நாலு மணிக்குள் கட்டவேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்கு. வீட்டுக்காரருக்கும் எங்களிடமே கணக்கு. கவுண்டர் பிள்ளை மாற்றுவதற்கான பொத்தானை அழுத்தினாள்.

அந்த நேரம் நான் மேலே, தரவுத்தளம் ஓடுகிற கணினியான சேவரை நிறுத்தித் திரும்பப் போட்டேன். கவுண்டர் திறந்திருக்கும்போது அதைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டதே நான்தான். அறிக்கை ஒன்றின் தலைப்பைத் திருத்தவேண்டியிருந்தது. பின்னேரம் நின்று செய்தால் பஸ்ஸில் இருக்கை கிடைக்காது. காரணம் அவ்வளவுதான்.

கீழே திரை உறைந்தது. ஆனால் அவருடைய போனுக்குக் காசு கழிந்த மெசேஜ் வந்துவிட்டது. போயிட்டுது என்று பிள்ளை அவரை அனுப்பிவிட்டாள்.

ஒரு மணித்தியாலத்தில் அவர் திரும்பி வந்தார். பிள்ளை என்னைக் கீழே கூப்பிட்டாள்.

"மிஸ், வீட்டுக்காரரு காசு வரலன்னு சொல்றாரு மிஸ்" என்றார் அந்தப் பெண்.

நான் அவருடைய கணக்கை மட்டும் திறந்து பார்த்தேன். கழிந்திருந்தது. வீட்டுக்காரருடையதைத் திறக்க இன்னும் ஒரு நிமிடம் பிடித்திருக்கும்.

"காசு போயிட்டுது. உங்களுக்கு மெசேஜும் வந்ததுதானே? வீட்டுக்காரரைக் கேளுங்கோ."

"அப்ப அவரு பொய் சொல்றாரா மிஸ்?"

"அது எனக்குத் தெரியாது. எங்கட பக்கம் பிழை இல்லை."

அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. எவ்வளவு எடுப்பான, திமிரான குரல்.

இரண்டரைக்குப் பிள்ளை ஓடி வந்தாள். "வீட்டுக்காரர் புத்தகத்தோட வந்து நிக்கிறார். ஒரு சதம் ஏறேல்லை. அந்த அக்கா றோட்டில வச்சுத் தன்னைக் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டாவாம்."

அப்போதுதான் இரண்டு கணக்கையும் ஒன்றாகப் பார்த்தேன். இங்கே கழிந்திருக்கிறது, அங்கே கூடவில்லை. சேவர் பாதியில் நின்றிருந்தும் கழித்தது கல்லுப்போல இருந்தது, ஏனென்றால் அதை முடிந்த வேலை என்று பதியச் சொன்னது நான். திரும்ப எழும்பிய தரவுத்தளத்துக்கு அழிக்க எதுவுமே இருக்கவில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

இறங்கிப் போய், பிழை எங்களுடையது ஐயா, காசு வருகிறது, அந்த அம்மாவில் குற்றம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிடக் கதை. வெளியே போயிருந்த மனேஜரிடம் போனில் அனுமதி கேட்டு, விடுபட்டதைக் கூட்டியும் இருக்கலாம். ஆனால் ஏன் நடந்தது என்று கேட்பாரே. சேவரைத் தொட்டது வெளியே வரும், அந்த வரியும் வரும்.

"பார்க்கிறம் எண்டு சொல்லி அனுப்புங்கோ" என்றேன்.

நாலு மணி ஆவதை நான் மணிக்கூட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மனேஜர் ஐந்துக்கு வந்தார். காலையில் ஒருமுறை கரண்ட் போய் வந்திருந்தது, எனக்கு வாய்ப்பாகப் போயிற்று.

"மத்தியானமும் கரண்ட் ஒருக்கா வெட்டினது சேர். அதில ஒரு மாற்றம் பாதியில நிண்டுட்டுது."

அவர் நம்பினார். கையெழுத்துப் போட்டார். நான் வீட்டுக்காரரின் கணக்கில் கூட்டினேன். ஆனால் அவர் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்து முடித்திருந்தார். கள்ளன் என்று சொன்ன பொம்பிளைக்கு ஒரு மூலைகூடத் தரமாட்டேன் என்றாராம். அடுத்த நாள் காசைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த வரியை அன்றைக்கே திருத்தினேன். கழிப்பதும் கூட்டுவதும் ஒரே கட்டுக்குள், மெசேஜ் கடைசியில். அரை நாள்கூடப் பிடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் கணக்கை மூட வந்தார். கவுண்டரில் கூட்டம், படிவம் நிரப்ப என்னைக் கூப்பிட்டார்கள். என்னைக் கண்டதும் அவர் சிரித்தார்.

"மிஸ், கரண்டு போயி நின்ன காசு ஒங்களாலதான் கெடச்சிச்சாம். அந்தப் பிள்ள சொல்லிச்சு. நீங்க நல்லா இருக்கணும்."

நான் தலையைக் குனிந்துகொண்டு பெயரை எழுதினேன், இலக்கத்தை எழுதினேன். மகளைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

"பாப்பா பைய எல்லாம் கட்டி வச்சிருந்துச்சு. அடுத்த வருசம் பாப்பம்னு சொல்லிட்டேன்."

படிவத்தில் கடைசியாக, கணக்கை மூடும் காரணம் என்று ஒரு கட்டம். என்ன எழுத என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "கரண்டு போனா காசு நடுவுல நின்னுருதுன்னு எழுதுங்க மிஸ். நெசந்தானே?"

நிற்காது. கரண்ட் போனாலும் நிற்கக்கூடாது என்பதற்காகவே அந்த நான்கையும் கட்டி வைத்திருக்கிறார்கள். பரீட்சைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

"ஓம்" என்றேன். அவர் சொன்னதை அப்படியே, என் கையெழுத்தில், எழுத்துப் பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.