பதினாறு பேரும் என் ஆட்கள் என்று நினைத்தேன்

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு ஜிம்மில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கே எனக்குப் பெயர் மாஸ்டர். என்னைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது. காலை ஐந்து மணியிலிருந்து பத்து வரை, மறுபடி மாலை ஐந்திலிருந்து பத்து வரை வேலை. நடுப்பகலில் வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்தால் இன்றைக்கு என்ன கிழமை என்பதே குழம்பும்.

என் மனைவி கோவில்பதாகை பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளியில் வாலிபால் கோச். பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், அங்கிருந்த மைதானத்தில்தான் பந்து தொட்டாள். மாநில அளவில் ஆடிய சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் வைத்திருந்தாள். பள்ளியில் அவளுக்குக் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம்தான் வேலை. ஆனால் ஒப்பந்த வேலை. ஜூனிலிருந்து மார்ச் வரை பத்து மாதம் சம்பளம், கோடை விடுமுறையில் கிடையாது.

அந்த இரண்டு மாதத்தைச் சொல்லித்தான் நான் அவளை மட்டம் தட்டுவேன். ஏப்ரலில் நீ சோறு தின்ன மாட்டாய் என்று நினைக்கிறதா உன் பள்ளிக்கூடம் என்று கேட்பேன். அவள் சிரித்துக்கொள்வாள். ஜனவரியில் நிரம்பி வழிகிற என் ஜிம்மும் பரீட்சை, வெயில் என்று மார்ச்சில் காற்று வாங்கும் என்பதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

ஒரு ஜூலை மாதம் அவளுக்கு உடற்கல்வி ஆசிரியர் பட்டமான பி.பி.எட். படிக்க இடம் கிடைத்தது. இரண்டு வருடப் படிப்பு, தினமும் கல்லூரிக்குப் போக வேண்டும். பள்ளியின் தலைமை சிஸ்டர்தான் விண்ணப்பம் போடச் சொல்லியிருந்தார். இருக்கிற பி.டி. டீச்சர் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார், கையில் பட்டம் இருந்தால் அந்த இடம் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். பன்னிரண்டு மாதச் சம்பளம், பி.எஃப்., நிரந்தர வேலை. சேர்க்கைக் கடிதத்தை அவள் என்னிடம் நீட்டினாள்.

நான் மேதாவி மாதிரி உட்கார்ந்து இரண்டு வேலையையும் எடைபோட்டேன். நான் படித்தது ஆறு மாத வார இறுதி கோர்ஸ். அந்தச் சான்றிதழை ஜிம் சுவரில் மாட்டியிருந்தோம், ஒருத்தரும் அதைப் படித்ததில்லை. வருகிறவன் என் கையைப் பார்ப்பான், தோளைப் பார்ப்பான், சேர்ந்துவிடுவான். எங்கள் தொழிலில் காகிதத்துக்கு என்ன மதிப்பு, உடம்புதானே சான்றிதழ் என்றேன். என்னிடம் தனிப் பயிற்சிக்குப் பதினாறு பேர் இருக்கிறார்கள், பட்டாபிராமில் சொந்தமாக ஒரு சின்ன ஜிம் போடுவோம், பெண்கள் பேட்ச்சை நீ பார்த்துக்கொள், இரண்டு வருடம் எதற்குப் பெஞ்சு தேய்க்க வேண்டும் என்றேன். பள்ளியில் காகிதம்தான் எல்லாம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அவள், “பதினாறு பேரும் கண்டிப்பா வருவாங்களா?” என்று மட்டும் கேட்டாள். என் ஆட்கள், எங்கே போவார்கள் என்றேன். கடைசித் தேதி போனது. இடமும் போனது.

அடுத்த ஜனவரியில் ஜிம்மில் வழக்கமான புத்தாண்டு ஆஃபர். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதி விலை. ஆள் சேர்த்துவிடும் மாஸ்டருக்கு இன்சென்டிவ் உண்டு. சொந்த ஜிம்முக்கு அட்வான்ஸ் தேவைப்பட்டது. ஆகவே வெறிபிடித்தவன்போல விற்றேன். யாரோ தெரியாதவர்களிடம் மட்டும் இல்லை, என்னுடைய பதினாறு பேரிடமும் விற்றேன். மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தவர்களை நானே பேசிப் பேசி வருடத்துக்குக் கட்ட வைத்தேன். அந்த மாதம் ஓனர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பிப்ரவரியில் வேலையை விட்டேன். இப்போது இதைப் படிக்கிற நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். நான் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. பட்டாபிராமில் ஷட்டரைத் தூக்கிவிட்டுக் காத்திருந்தேன். அதற்குள் அவளும் மார்ச்சோடு நின்றுகொள்வதாகப் பள்ளியில் சொல்லிவிட்டாள். பதினாறு பேரில் இரண்டு பேர் வந்தார்கள். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், ஐந்து வருடமாக என்னிடம் பயிற்சி எடுத்தவர், போனில் பொறுமையாகவே சொன்னார்.

“இன்னா மாஸ்டர், நீங்கதான வருசத்துக்குக் கட்டச் சொன்னீங்க? அத்த உட்டுட்டு பட்டாபிராமுக்கு எப்டி வர்றது? பட்டறை மூடிகினு நேரா ஜிம்முக்குப் பூந்துடுவேன், வழியில கீது.”

தப்பே இல்லை. அவர் என்னிடம் வந்தவர் இல்லை, பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரு இடத்துக்கு வந்தவர். அந்த இடத்துக்கு வந்ததை எனக்காக வந்ததாக நான் எண்ணிக்கொண்டேன். கொஞ்சநஞ்சம் வந்திருக்கக்கூடியவர்களையும் என் கையாலேயே அங்கே பூட்டிவிட்டு வந்திருந்தேன்.

அவளுடைய பெண்கள் பேட்ச்சில் ஏழு பேர் சேர்ந்தார்கள். கல்யாணம், கர்ப்பம், மாமியார் என்று ஒவ்வொருத்தராக நின்றார்கள். டிரெட்மில்லுக்கு வாங்கிய கடன் மட்டும் நிற்கவில்லை. பதினான்கு மாதத்தில் ஷட்டரை இறக்கினேன். பழைய ஜிம்முக்கே போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன், சேர்த்துக்கொண்டார்கள். தனிப் பயிற்சி கிடையாது, வருகிறவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும். என் ஆட்களுக்கு இப்போது வேறொரு மாஸ்டர் இருந்தார். அவருடைய தோள்கள் என்னுடையதைவிடப் பெரியவை.

அந்த ஜூனில் பள்ளியில் பி.டி. டீச்சர் ஓய்வு பெற்றார். சிஸ்டரைப் பார்க்க வேண்டும் என்றாள் என் மனைவி. நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். அறைக்குள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் ஃபைலைத் திறந்து மாநிலச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சிஸ்டர் அவற்றைப் பார்த்தார், ஆனால் தொடவில்லை. பட்டம் இல்லாமல் அந்த இடத்துக்கு எடுக்க வழியில்லை, அவளுடைய பழைய கோச் வேலைக்கும் வேறொரு பெண் வந்துவிட்டாள் என்றார்.

பிறகு கேட்டார்: “சீட் கிடைச்சுதேம்மா. சேர்ந்திருந்தா இந்த ஏப்ரல்ல முடிச்சிருப்ப. ஏன் போகல?”

நான் தரையைப் பார்த்தேன். என் பெயர் வரப்போகிறது என்று காத்திருந்தேன். வந்தால்கூடப் பரவாயில்லை என்றுதான் இருந்தது.

“எனக்கே அப்போ படிக்கப் பிடிக்கல சிஸ்டர்” என்றாள்.

சிஸ்டரின் முகம் மாறியது. இப்படிப்பட்டவளா இவள் என்று அந்த அம்மா நினைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். பெண்களை வெயிலில் விரட்டி விரட்டி ஆடவைத்தவள், படிக்கச் சோம்பல்பட்டவளாக அந்த அறையைவிட்டு வெளியே வந்தாள். வண்டியை எடுக்கும்போது, நான்தான் தடுத்தேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

“சொன்னா மட்டும் குடுத்துடுவாங்களா? நீ ஓட்டு” என்றாள்.

இப்போது அவள் நசரத்பேட்டையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காலை ஆறு மணிக்குப் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். பத்துப் பேர் வந்தால் பத்துப் பேருக்கு மட்டும் காசு. இன்னமும் படிக்கலாம், வயது தாண்டவில்லை என்று சென்ற வாரம் மெதுவாக ஆரம்பித்தேன். இரண்டு வருடம் வீட்டை யார் ஓட்டுவது என்று அவள் கேட்கவில்லை. துணியை மடித்துக்கொண்டே, “உன் பேச்சை ஒருவாட்டி கேட்டுட்டேன்” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.