நூற்று இருபத்தைந்தில் நின்ற பெட்டி

எண்பதுகளின் நடுவில் தேனி கடைத்தெருவில் ஒரு மாடியறையில் எனக்கு வேலை. கீழே முதலாளியின் மோட்டார் உதிரிபாகக் கடை, மேலே எங்கள் எலெக்ட்ரானிக்ஸ் பட்டறை. டிப்ளமா முடித்த பெண் நான் ஒருத்திதான். எட்டு பிட் கணிப்புச் சில்லு (சிப்) ஒன்றுக்கு நிரல் எழுதுவது என் பொறுப்பு. தாளில் எழுதி, எண்களாக மாற்றி, விசை விசையாகத் தட்டி ஏற்ற வேண்டும்.

வருசநாட்டுப் பக்கம் ஒரு சின்ன அணைக்கு மதகு நீர்மானி செய்து தரும்படி கேட்டார்கள். மதகு ஒரே அளவில் திறந்திருந்தால், வெளியேறும் தண்ணீர் மதகுக்கு மேலே நிற்கும் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இருக்கும். உயரம் நான்கு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்கு. உணரி உயரத்தை இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக எண்ணி, 0 முதல் 255 வரை ஓர் எண் தரும். அதன் வர்க்கமூலத்தைப் பதினாறு மடங்காக்கிப் பெட்டி காட்ட வேண்டும். அது 150-ஐத் தொட்டால் கீழே தரைப்பாலத்தருகே சைரன் ஒலிக்க வேண்டும்.

அந்தச் சில்லுக்குத் தசமம் தெரியாது. பெருக்கலும் வகுத்தலும்கூடத் தெரியாது. கூட்டும், கழிக்கும், பிட்டுகளை நகர்த்தும். வகுத்தலை நானே எழுதினேன். துல்லியம் வேண்டுமென்று உயரத்தை 256-ஆல் பெருக்கிக்கொண்டேன். விடை பதினாறு மடங்காக வரும். வர்க்கமூலத்துக்கு, கல்லூரியில் படித்த முறை. ஒரு ஊகத்தை எடு. எண்ணை அதனால் வகு. ஈவையும் ஊகத்தையும் கூட்டிப் பாதியாக்கு. அதுதான் புது ஊகம். பழையதும் புதியதும் ஒன்றாகும்வரை திரும்பச் செய். நாலைந்து சுற்றில் விடை வந்துவிடும். எனக்கு அதில் பெருமை இருந்தது.

மேசையில் 10, 20, 30 என்று பத்துப் பத்தாக எண் கொடுத்துச் சோதித்தேன். எல்லாம் சரியாக வந்தது. கோடையில் பெட்டியை மாட்டினோம். மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் அங்கேயே குடியிருந்தார், ஐம்பது வயதுக்காரர். அதுவரை தண்ணீர் கூடினால் பாலத்துக்கு ஆளனுப்பி வழி மறிப்பது அவர் வழக்கம்.

"இனிமே ஆளனுப்ப வேண்டாமாம்மா?" என்று கேட்டார்.

"வேண்டாம்ணே. பெட்டியே கூப்பிடும்" என்றேன்.

ஐப்பசியில் மலையில் விடாமல் பெய்தது. ஒரு நாள் காலை, எட்டு மணிக்கு மேல், தரைப்பாலத்தைக் கடந்த ஒரு பள்ளி ஆசிரியையைத் தண்ணீர் அடித்துப் போனது. கடமலைக்குண்டுக்கு அந்தப் பக்கம் மாதாகோயில் ஊர்க்காரர். மறுநாள்தான் உடல் கிடைத்தது. சைரன் அடிக்கவில்லை.

நான் போனபோது லஸ்கரைச் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். மதகு அறைக்கு வெளியே ஈரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பெட்டி நூத்தி இருபத்தஞ்சுன்னே நின்னுச்சும்மா. ராத்திரியும் அதான், விடிஞ்சும் அதான். அளவுக்கம்பு முங்கிக் கெடந்துச்சு, மழையில ஒண்ணும் தெரியல. நூத்தி அம்பது ஆகலையே, சைரன் அடிக்கலையேன்னு இருந்துட்டேன். ஆபீசர் வந்தாக. நீ தூங்கிட்டன்னு சொன்னாக."

"நீங்க தூங்கலையா?"

"அந்தச் சத்தத்துல யாரு தூங்குவா?"

உள்ளே போனேன். தண்ணீர் நான்கு மீட்டருக்கு மேல் ஏறியிருந்த தடம் சுவரில் தெரிந்தது. அந்த உயரத்துக்குப் பெட்டி 220-க்கு மேல் காட்டியிருக்க வேண்டும். அது இன்னும் 125-இலேயே எரிந்துகொண்டிருந்தது. எண்களை ஒளிரவைக்கத் தனிச் சில்லு இருந்ததால், கணக்குப் போடும் சில்லு நின்றுபோனாலும் பழைய எண் அணையாது.

பட்டறைக்குத் திரும்பி, 125 எந்த உயரத்துக்கு வரும் என்று பார்த்தேன். 62-க்கு மட்டும்தான் வரும். அடுத்தது 63. சோதனைக்கென்று மேசையில் வைத்திருந்த இன்னொரு பெட்டியில் 63 கொடுத்தேன். உறைந்தது.

தாளில் போட்டுப் பார்த்தேன். 63-ஐ 256-ஆல் பெருக்கினால் 16128. ஊகம் 256-இல் தொடங்கி 159, 130, 127 என்று இறங்குகிறது. 16128-ஐ 127-ஆல் வகுத்தால் மீதியைத் தள்ளி 126. இரண்டின் பாதி, அரையைத் தள்ளி, 126. இப்போது 126-ஆல் வகுத்தால் 128. இரண்டின் பாதி 127. மறுபடி 126. மறுபடி 127. இரண்டும் ஒன்றாகப்போவதே இல்லை. 16128 என்பது 127-இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு. முழு எண்ணில் கணக்குப் போட்டால், வர்க்கத்துக்கு ஒன்று குறைந்த எண் எதுவானாலும் இப்படித்தான் ஆடும். பூஜ்யத்துக்குக் கணக்கே போடாமல் 0 காட்டும்படி எழுதியிருந்தேன்; அதை விட்டால் என் பெட்டியில் அப்படிப்பட்ட உயரங்கள் மூன்று: 63, 65, 254. பத்துப் பத்தாகச் சோதித்ததில் மூன்றும் தப்பிவிட்டன. ஆற்றில் தப்ப வழியில்லை. மெதுவாக ஏறும் தண்ணீர் 63-ஐத் தொடாமல் மேலே போகாது.

இருநூற்று ஐம்பத்தாறு எண்களையும் கொடுத்துப் பார்த்திருக்கலாம். ஒரு மதியம் போதும்.

முதலாளியிடம் காட்டினேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"மின்னல் விழுந்துருச்சுன்னு எழுதிருவோம் தாயி. மலைக்காட்டுல அதான் நடக்கும்."

"அப்ப அந்த லஸ்கர்?"

"அவரு கவர்மெண்டு ஆளு. எப்படியும் திரும்ப எடுத்துக்கிருவாக."

நான் என் பெயரில் இரண்டு பக்கம் எழுதி, அந்தக் கணக்கையும் வரிசையாகப் போட்டு, அணைப் பொறியாளரிடம் கொடுத்தேன். அவர் படித்தார். "சுத்திச் சுத்தி வருதுன்னு சொல்றீங்க. இத விசாரணைல யாருக்கும்மா புரியும்?" என்றார். கோப்பில் வைத்துக்கொண்டார்.

அந்த ஆசிரியையின் வீட்டுக்கும் போனேன். கணவரும் ஆசிரியர்தான். என்னை உட்காரச் சொன்னார். நடந்ததைச் சொன்னேன். அவர் கணக்குப் பாடம் எடுப்பவர். தாளை வாங்கி, 127-ஐயும் 126-ஐயும் தானே வகுத்துப் பார்த்தார்.

"எங்கன நிறுத்தணும்?"

"ஊகம் மேலேயிருந்து இறங்கிக்கிட்டே வருது சார். குறையாதப்ப நிறுத்தியிருக்கணும். ஒண்ணாகும்வரைன்னு எழுதிட்டேன்."

"ஒரு வரிதானா?"

"ஒரு வரிதான்."

தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். திட்டவில்லை. "பிள்ளைக பள்ளிக்கூடத்துலேர்ந்து வர்ற நேரம். நீங்க கெளம்புங்க" என்று மட்டும் சொன்னார். வாசல் வரை வரவில்லை.

பிறகு அந்த நிரலை முழுதாக வேறு முறையில் எழுதினேன். விடை எட்டு பிட்டுக்குள் அடங்கும். மேல் பிட்டிலிருந்து தொடங்கு. அதை வைத்துப் பார்; வர்க்கம் எண்ணைத் தாண்டினால் எடுத்துவிடு, தாண்டாவிட்டால் இருக்கட்டும். அடுத்த பிட். 16128-க்கு 128 பெரியது, போகட்டும். 64 நிற்கும், 96, 112, 120, 124, 126 எல்லாம் நிற்கும், 127 ஒன்றே ஒன்றில் தாண்டும். விடை 126. எந்த எண்ணானாலும் எட்டே சுற்று, அதோடு முடிந்தது. இந்த முறை பூஜ்யத்திலிருந்து 255 வரை ஒவ்வொன்றாகக் கொடுத்து, விடையைக் கையால் சரிபார்த்தேன். விரல் வலித்தது. ஒன்றும் உறையவில்லை.

அணைக்காரர்கள் புதுப் பெட்டியை வாங்க மறுத்துவிட்டார்கள். பழையதையும் கழற்றினார்கள். பாலத்துக்கு மறுபடி ஆள் போட்டார்கள். லஸ்கருக்கு எட்டு மாதம் கழித்து வேலை திரும்பக் கிடைத்தது, வைகை அணைப் பக்கம், மதகு இல்லாத வேலை. ஒருமுறை ஆண்டிபட்டி பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். மழை எப்படி, ஊர் எப்படி என்று பேசினோம். என் கடிதத்தால் வேலை கிடைத்ததா, அது இல்லாமலே கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லாமலே இறங்கிப் போனார்.