சாக்கடைக்கு முன்னால் ஒரு குரூப் போட்டோ

கொச்சி மட்டாஞ்சேரியில் இட்லி விற்கும் மூக்கம்மாளின் அடுக்களைக்குள், மழை பெய்தாலே சாக்கடைத் தண்ணீர் புகுந்துவிடும். கவுன்சிலர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று 1983இல் மனு எழுதி, ஸ்டூடியோக்காரர் எடுத்த போட்டோக்களையும் இணைத்தாள். அவள் மனுவைக் கொடுக்கப் போனபோது, கவுன்சிலர் என்ன சொல்வாரோ என்ற ஆவலில் பக்கத்து வீட்டிலிருந்து நானும் கூடப் போனேன்.

கவுன்சிலர் போட்டோக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் தெருவே பவுடர் பூசி வரிசையாக நின்றது.

"இது கல்யாண போட்டோவா அக்கா? சாக்கடை எவிடே?"

"எங்களுக்குப் பின்னாடிதான் சாரே. போட்டோ பிடிக்காவன்னதும் எல்லாரும் வந்து நின்னுட்டாவ."

"இத்தனை பேர் மறைச்சா நான் எங்ஙனே காணும்?"

"அப்ப நேர்ல வந்து பாருங்க. அதைத்தானே மனுவுல கேட்டிருக்கேன்!"

அவர் சிரித்துக்கொண்டே டைரியைத் திறந்தார். "புதன்கிழமை காலையில எஞ்சினியரோட வரேன். அன்னைக்கு ஒருத்தரும் முன்னால நிக்கக் கூடாது, கேட்டோ?"