ஃப்ரீசரில் இருந்த கொலு

வைத்தி வீட்டு ஃப்ரீசரில் தங்கக் கட்டி இருக்கிறது என்பதுதான் அந்த மாதம் டெல்லி மயூர் விஹாரில் அந்தப் பிளாக்கின் பேச்சு. சமையலுக்கு வரும் செங்கம்மாள் தன் கண்ணால் பார்த்தாளாம். பட்டாணிப் பாக்கெட்டுக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புக் கட்டி, பிளாஸ்டிக் உறை மேல் உறையாகச் சுற்றி. இரண்டாம் மாடிக்கு வரும்போது ஒரு கட்டி மூன்றாகியிருந்தது. நாலாம் மாடியில் அது தங்கமே இல்லை, யாருடைய அஸ்தியோ.

சரிபார்க்க வேண்டுமென்றால் அவர் வீட்டுக்குள் போக வேண்டும். அங்கேதான் இடித்தது. வைத்தி வீட்டுக்குக் கடைசியாகப் போனவர் யார் என்று விசாரித்ததில், தண்ணீர் ஃபில்டர் மாற்ற வந்த ஆள் என்று தெரிந்தது. அதுவும் கோடைக்கு முன்னால்.

இருந்தது தங்கமில்லை, ஹார்ட் டிஸ்க்.

வைத்தி அமைச்சக ஆபீஸ் ஒன்றில் அசிஸ்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வீடியோ கேமரா வாங்கினார். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் தமிழர் வீட்டு வளைகாப்பு, ஆண்டு நிறைவு, கொலு, பிரிவு உபசாரம் எதுவானாலும் வைத்தி வருவார், எடுப்பார், சி.டி. போட்டு எல்லோருக்கும் கொடுப்பார். வாங்கிக்கொண்டவர்கள் வீடு மாறும்போது பழைய பேப்பர்காரனிடம் போட்டார்கள். வைத்தி மட்டும் எல்லாவற்றையும் ஒரே டிஸ்கில் ஏற்றி, இடத்தை அடைக்கிறதே என்று மூல டேப்புகளைத் தூக்கிப் போட்டார். பெட்டி நிறைய மனிதர்கள் இருந்ததால் வீட்டில் யாரும் இல்லாதது அவருக்கு உறைக்கவில்லை.

பிறகு பெங்களூரிலிருந்து ஹம்சா கூப்பிட்டாள். வைத்தியின் ஒரே நெருங்கிய நண்பர் கிருஷ்ணபிரசாத்தின் பெண். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவளுடைய மகளுக்குக் கல்யாணம். வரவேற்பில் காட்ட, அப்பா கொலுவில் பாடியது வேண்டும். "உங்ககிட்டதான் மாமா இருக்கும்" என்றாள். அந்த வாக்கியத்தை வைத்தி இரண்டு நாள் சுமந்து திரிந்தார். டிஸ்கை லேப்டாப்பில் சொருகிய அவசரத்தில் ஒயரில் கால் தட்டி, சுழன்றுகொண்டிருந்த டிஸ்க் தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி சொருகினார். டிக். டிக். டிக். கொஞ்சம் மௌனம். மறுபடி டிக்.

ஒயரை மாற்றினார், லேப்டாப்பை மாற்றினார். வாட்ஸ்அப்பில் ஒருவர், ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தால் சரியாகிவிடும் என்று சத்தியம் செய்தார். வைத்தார், எடுத்தார், சொருகினார், அதே டிக். குளிர் போதவில்லை போலும் என்று மறுபடி வைத்தார். இதற்கு நடுவே ஹம்சா தினம் கூப்பிட்டாள். "ஆயிண்டிருக்கு, ஆயிண்டிருக்கு" என்றார் வைத்தி. ஆகிவிட்டால் கூப்பிட மாட்டாளே என்ற நினைப்பும் எங்கோ ஓரத்தில் இருந்தது. அதை அவர் கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

கடைசியில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு பிளேஸுக்குப் போனார். வராந்தாவில் மேஜை போட்டிருந்த கடைக்காரர் டிஸ்கைத் தன் கம்ப்யூட்டரில் சொருகினார். டிக், டிக். "ஒரு நிமிஷம் அங்கிள்ஜி, திறந்து பார்த்துடலாம்" என்று ஹிந்தியில் சொல்லி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். தெருத் தூசி மேஜை மேல் கோலம் போட்டிருந்தது. அப்போது சத்தம் மாறியது. டிக்குக்கும் டிக்குக்கும் நடுவே, முற்றின தேங்காயைத் துருவுகிற மாதிரி ஒரு கரகரப்பு. ஆயுள் முழுக்க ஹெட்போன் மாட்டிச் சத்தம் கேட்ட காது அது. உள்ளே எதுவோ எதையோ சுரண்டுகிறது என்று வைத்திக்குத் தெரிந்துவிட்டது.

"ரஹ்னே தோ, பையா." வேண்டாம், விட்டுவிடு என்று ஒயரைத் தானே பிடுங்கினார்.

அதே கட்டிடத்தின் மாடியில் டேட்டா மீட்கிற லேப் ஒன்று இருந்தது. அங்கே இருந்த இன்ஜினியர் மதுமதி, டெல்லியில் பிறந்த தமிழ்ப் பெண். முதலில் அவள் கேட்டது, அதற்கு எத்தனை தடவை கரண்ட் கொடுத்தீர்கள் என்பது. விரல் விட்டு எண்ணத் தொடங்கிய வைத்தி ஃப்ரீசரில் வந்து நின்றார். ஃப்ரீசர் சமாச்சாரத்தைக் கேட்டதும் அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"குளிர்ந்ததை வெளிய எடுத்தா உள்ள ஈரம் கட்டும் அங்கிள். தகட்டுக்கும் அதைப் படிக்கிற ஹெட்டுக்கும் நடுவுல தூசி போற இடம்கூட இல்ல, தண்ணி நின்னா என்ன ஆகும்? டிக்னு கேட்ட அன்னிக்கே ஆஃப் பண்ணிருக்கணும். ஒவ்வொரு தடவையும் அது படிக்கப் பாக்குது, முடியல, திரும்பிப் போய் முட்டுது. அச்சா, சுரண்டற சத்தம் கேட்டதும் நிறுத்தினீங்களே, அதனாலதான் இப்ப பேசிட்டிருக்கோம்."

தகட்டில் கீறல் விழுந்த இடத்தில் இருந்தது போனதுதான், எந்த லேப்பாலும் வராது. மற்றதை எடுக்க, தூசியில்லாத அறையில் திறந்து ஹெட்டை மாற்ற வேண்டும். மாற்று ஹெட் புதிதாகத் தனியே கிடைக்காது. அதே மாடல், கூடிய மட்டும் அதே தொழிற்சாலை, அதே சமயத்தில் செய்த இன்னொரு டிஸ்கிலிருந்துதான் கழற்ற வேண்டும். அந்த டிஸ்க் அதோடு சரி. பழைய மாடல் என்பதால் தேடி எடுப்பதற்குள் கல்யாணம் தாண்டிவிடும் என்றாள்.

வைத்தி டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. சர்க்கார் குமாஸ்தாக்கள் எதையும் தனியாக வாங்குவதில்லை. குக்கர் வாங்கினாலும் செக்‌ஷனே சேர்ந்து வாங்கித் தள்ளுபடி கேட்கும். இந்த டிஸ்கும் அப்படி ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து வந்ததுதான். வாங்கியவர்களில் டெல்லியில் மிச்சமிருப்பது கதிரவன். அவரோ வைத்தியோடு பேசுவதில்லை. அவருடைய பிரிவு உபசாரத்தில், அவர் பேச எழுந்தபோது கேமராவில் பாட்டரி தீர்ந்தது. மேலதிகாரியின் பேச்சு முழுக்கப் பதிவாகியிருந்தது. வேண்டுமென்றே செய்ததாகக் கதிரவன் முடிவு கட்டினார்.

கதவைத் திறந்த கதிரவன் திருநெல்வேலிக்காரர், உட்காரச் சொல்லவில்லை. "என்னவே, பாட்டரி கடன் வாங்க வந்தீரா?" என்றார்.

வைத்தி விஷயத்தைச் சொன்னார். டிஸ்க் திரும்ப வராது என்பதையும் மறைக்கவில்லை. கிருஷ்ணபிரசாத் பெயரைக் கேட்டதும் கதிரவன் உள்ளே போனார். அலமாரியிலிருந்து எடுத்து வந்த டிஸ்கில் கடைக்காரன் ஒட்டிய பிளாஸ்டிக்கூடப் பிரியவில்லை. எல்லோரும் வாங்கினார்கள் என்று வாங்கியது. அதில் ஏற்றி வைக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"இதுக்குப் பதிலா புதுசு ஒண்ணு வாங்கித் தரணும், பாத்துக்கிடும்."

"கட்டாயம் தரேன், கதிரவன்."

மதுமதி ஹெட்டை மாற்றினாள். மாற்றிய ஹெட் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் முதலில் வேண்டியதை இன்னொரு டிஸ்குக்கு நகலெடுப்பாள், கீறல் பக்கம் போகாமல் தாண்டித் தாண்டி. எது முதலில் என்று கேட்டாள். கொலு, என்றார் வைத்தி. கொலு வந்தது. அப்புறம் பாதி கிட்வாய் நகர் வந்தது. மீதியில் ஹெட் கைவிட்டது. ஒரு மாதப் பென்ஷன் போயிற்று.

கிருஷ்ணபிரசாத் கையில் சுண்டலோடு பாடினார். நடுநடுவே முகம் சதுரம் சதுரமாக உடைந்து மறுபடி சேர்ந்தது. அடி மறந்து சிரித்து, கேமராவைப் பார்த்து, "போறும், நிறுத்துடா வைத்தி" என்றார். இத்தனை வருஷ வீடியோவில் வைத்தி பெயர் வருகிற ஒரே இடம். அவர் அதைப் பலமுறை போட்டுக் கேட்டார்.

ஹம்சாவுக்கு அனுப்பினார். வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது. பிறகு கல்யாணப் பத்திரிகை வந்தது, குரூப்பில். வரவேற்பு வீடியோவைப் பின்னால் பார்த்தார். பாட்டு இருந்தது. சிரிப்பு வந்த இடத்தோடு வெட்டியிருந்தார்கள்.

அதன்பின் வைத்தி வீட்டில் போன் அடிப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

"என்னவே, என் டிஸ்க் எங்க?"

"இந்த வாரம் கடை லீவு, கதிரவன்."

"போன வாரமும் லீவுன்னீரே. அது என்ன கடைவே?"

அப்படியே கொஞ்ச நேரம் பேச்சு போகும், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் என்ன விலை, முழங்கால் எப்படி என்று. புது டிஸ்க் வைத்தியின் மேஜை இழுப்பறையில், உறை பிரிக்காமல் இருக்கிறது. செங்கம்மாள் அதையும் பார்த்துவிட்டாள்.