ஒரு படம்தான் போனது

நட்சத்திரங்கள் இரவில் நகரும் தடத்தை, கோடுகளாக ஒரே படத்தில், கேமரா ஷட்டரை ஒரு மணி நேரம் திறந்தே வைத்து எடுப்பவன் அண்ணன். ஒருமுறை ஒரு கார் விளக்கு பட்டு மொத்தப் படமும் வெளுத்தது; காலண்டர் ஆர்டர் தம்பிக்குப் போனது. தம்பி ஒரு விநாடி இடைவெளியில், முப்பது விநாடிப் படங்களாக எடுத்தான்.

நூற்றிருபதாவது படம் ஓடும்போது அண்ணன் வந்து கேமரா நின்ற முக்காலியை எட்டி உதைத்தான். லென்ஸ் நொறுங்கியது. தம்பியின் பல்லையும் உடைத்தான்.

“தொலைஞ்சுதா உன் படம்?”

தம்பி ரத்தத்தைத் துப்பினான். “ஒண்ணுதான் போச்சுண்ணே. நூத்திப்பத்தொம்பது கார்டுல இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா கோடு முழுசா வரும்.”

அண்ணன் கார்டைப் பறிக்கப் பாய்ந்தான். தம்பி முக்காலியால் அவன் முழங்காலில் ஓங்கி அடித்தான்.

படம் காலண்டரில் வந்துவிட்டது. அண்ணனுக்கு முழங்கால் இன்னும் மடங்கவில்லை.